பார்ட்டிக்காகக் கையிலிருந்து போட்ட பணத்தை ரசீதோடு பில் போடுவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் லைசென்ஸ், பதிவு, லேப் ரிப்போர்ட் என்று பிறருக்காக அலையும் வேலையைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் நம் கூலியைவிட பார்ட்டிக்காக நாம் போட்டுக் கொடுக்கும் பணம் பல சமயம் பெரிதாக இருக்கும், தகராறும் அதில்தான் வரும். கூலி முன்பே பேசியது, அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. "இந்த மூவாயிரத்து ஐந்நூறு எதுக்கு தம்பி?" என்று கேட்பது நாம் நடுவில் நின்று கட்டிய பணத்தைப் பற்றித்தான்.

ஒரே ஒரு வேலையை வைத்து முழுக்கப் பார்ப்போம். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஒரு புளி வியாபாரி, இத்தனை நாள் மூட்டையாக விற்றவர், இப்போது அரை கிலோ பாக்கெட் போட்டு சொந்தப் பெயரில் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம், புளிக்கு சேலத்தில் ஒரு லேப் டெஸ்ட், லேபிளுக்கு ஒரு மாதிரி அச்சு, இவ்வளவுதான் வேலை. நம் கூலி 6,000 ரூபாய். அவரும் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், நாமும் பதிவு உள்ளவர்கள்.

செலவை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்

எல்லாச் செலவும் ஒரே சாதி இல்லை. டிரேட்மார்க் அரசுக் கட்டணம் அவர் கட்ட வேண்டிய பணம், நாம் இல்லாவிட்டாலும் அவர் கட்டித்தான் ஆக வேண்டும். லேப் கட்டணமும் லேபிள் அச்சும் அப்படியே. நாம் நம் கார்டிலிருந்தோ யுபிஐயிலிருந்தோ கட்டினாலும் அது அவர் செலவு, நாம் வெறும் கைமாற்று.

சேலத்துக்குப் போய்வர எடுத்த கார் வாடகை அந்த வகையில் வராது. அது நம் வேலையைச் செய்ய நமக்கு ஆன செலவு. அதையும் பார்ட்டியிடம் வாங்கலாம், தப்பே இல்லை, ஆனால் அது நம் கூலியின் ஒரு பகுதியாகத்தான் கணக்கில் வரும், அதற்கு ஜிஎஸ்டியும் போட வேண்டும். ஜெராக்ஸ், போன், நம் அலுவலகப் பேப்பர் எல்லாம் இதே பக்கம்தான். சின்னச் சின்னதாக இருந்தால் தனியாகக் காட்டாமல் கூலியிலேயே அடக்கிவிடுவது மரியாதை. எட்டு ரூபாய் ஜெராக்ஸை பில்லில் பார்த்தால் எந்த வியாபாரிக்கும் எரிச்சல்தான் வரும்.

இந்தப் பிரிவினை சும்மா அழகுக்கு இல்லை. ஜிஎஸ்டி விதிகளில் 33ஆம் விதி 'ப்யூர் ஏஜென்ட்' என்று ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறது. பார்ட்டி அனுமதி கொடுத்து, அவருக்காக நாம் மூன்றாம் ஆளுக்குப் பணம் கட்டி, அந்தப் பணத்தை பில்லில் தனியாகக் காட்டி, கட்டியதற்கு மேல் ஒரு பைசா வைக்காமல் வாங்கினால் அந்தத் தொகை நம் சேவையின் மதிப்பில் சேராது, அதற்கு நாம் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை. வாங்கிய பொருளோ சேவையோ நம்முடையதாக ஆகக் கூடாது, நம் சொந்த உபயோகத்துக்கும் போகக் கூடாது. நாம் தனியாக ஒரு சேவை செய்து, அதற்கு மேல்கொண்டுதான் இந்தப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. நம் புளிக்காரர் வேலையில் மூன்று செலவும் சேர்ந்து 10,400 ரூபாய் வரப்போகிறது. இந்த நிபந்தனைகளில் ஒன்று தவறி, அந்த மொத்தமும் நம் வருமானம் என்று ஆகிவிட்டால் அதன் மேல் 18 சதவீதம், அதாவது 1,872 ரூபாய் வரி. ஆறாயிரம் கூலி வேலையில் அது சின்னத் தொகை இல்லை.

செலவு செய்வதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள்

பத்திரம், முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும், ஆனால் அதில் சொல்ல வேண்டியது எல்லாம் இருக்க வேண்டும், அவரும் "சரி" என்று பதில் போட்டிருக்க வேண்டும். கிட்டத்தட்ட இப்படி:

"உங்கள் பாக்கெட் வேலைக்கு என் கட்டணம் 6,000 ரூபாய். டிரேட்மார்க் அரசுக் கட்டணம், லேப் கட்டணம், லேபிள் மாதிரி அச்சு மூன்றையும் உங்கள் சார்பாக, உங்கள் பெயரில் நான் கட்டிவிட்டு, ரசீதில் உள்ள தொகையை அப்படியே வாங்கிக்கொள்கிறேன். இப்படிக் கட்டிய மொத்தத்தின் மேல், வரி சேர்ந்த தொகையில், 5 சதவீதம் ஹேண்ட்லிங் சார்ஜ், குறைந்தது 300 ரூபாய். சேலம் கார் வாடகை ரசீதுப்படி தனி, அதற்கு ஹேண்ட்லிங் இல்லை. என் கட்டணம், கார் வாடகை, ஹேண்ட்லிங் சார்ஜ் மூன்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. நான் கட்டும் செலவு 12,000 ரூபாயைத் தாண்டும் என்றால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் கட்டுவேன்."

இதில் "வரி சேர்ந்த தொகையில்" என்ற இரண்டு மூன்று வார்த்தைகளைப் புதிதாக வருபவர்கள் விட்டுவிடுகிறார்கள். லேப் பில் 3,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 540. ஐந்து சதவீதம் 3,000க்கா 3,540க்கா? வித்தியாசம் 27 ரூபாய்தான், ஆனால் பில் வந்த பிறகு கணக்குப்பிள்ளை இதைக் கண்டுபிடித்துக் கேட்டால் நாம் 27 ரூபாய்க்காக விளையாடியவர் ஆகிவிடுவோம். நம் கையிலிருந்து போனது 3,540 என்பதால் அதன் மேல் வாங்குவதுதான் நியாயம் என்பது என் கட்சி. நீங்கள் வேறு மாதிரி பேசினாலும் சரி, முன்பே பேசிவிடுங்கள்.

அந்த 12,000 வரம்பும் அவசியம். முதல் சாம்பிள் சரியில்லை, இரண்டாவது டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று லேப்பில் சொன்னால் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு நாம் "சரி எடுங்க" என்று சொல்லக் கூடாது. போனில் கேட்டாலும், பிறகு ஒரு வரி வாட்ஸ்அப்பில் போட்டு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்பணம் வாங்கினால் எதற்கான முன்பணம் என்று ரசீதில் எழுதுங்கள். சேவைக் கூலிக்கான முன்பணம் என்றால் வாங்கும்போதே அதற்கு ஜிஎஸ்டி பொறுப்பு வந்துவிடும். அவருக்காகக் கட்டப்போகும் செலவுக்கான முன்பணம் வேறு. நம் கேஸில் 8,000 ரூபாய், "உங்கள் சார்பான செலவுக்கு முன்பணம்" என்று தெளிவாக எழுதி வாங்கியதாக வைத்துக்கொள்வோம்.

ரசீது யார் பெயரில் வர வேண்டும்

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

டிரேட்மார்க் விண்ணப்பம் அவர் பெயரில்தான் போகும், எனவே கட்டண ரசீதும் இயல்பாகவே அவர் பெயரில் வரும். தனிநபர், சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. நம் ஆள் தனிநபர், 4,500. அரசுக் கட்டணம், இதில் ஜிஎஸ்டி இல்லை. இது சுலபமான ரசீது.

லேப்பிலும் அச்சகத்திலும் அப்படி நடக்காது. கவுண்டரில் நிற்பது நாம், போன் நம்பர் நம்முடையது, அவர்கள் கேட்காமலே நம் பெயரில் பில் அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே பார்ட்டியின் கடைப் பெயர், விலாசம், ஜிஎஸ்டி எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி நீட்டிவிடுங்கள். போனில் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னால் பதினைந்து எழுத்தில் ஒன்று கட்டாயம் மாறும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? லேப் பில்லில் 540 ரூபாய் வரி, லேபிள் அச்சு 2,000 ரூபாய்க்கு 360 வரி, ஆக 900 ரூபாய். பில் அவர் பெயரிலும் அவர் ஜிஎஸ்டி எண்ணிலும் இருந்தால், விதிப்படி அவருக்கு உரிய அளவு அதை அவர் உள்ளீட்டு வரிக் கடனாக எடுத்துக்கொள்ளலாம். நம் பெயரில் இருந்தால் அவரால் அந்த பில்லை வைத்து எடுக்க முடியாது. பார்ட்டிக்கு நம்மால் 900 ரூபாய் நஷ்டம், நாம் அதற்கு மேல் ஹேண்ட்லிங் சார்ஜும் கேட்கிறோம் என்றால் அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பில் நம் பெயரில் வந்துவிட்டது, மாற்றித் தர மாட்டேன் என்கிறார்கள், அப்போது என்ன செய்வது? அதைப் பார்ட்டி செலவு என்று காட்டப் பார்க்காதீர்கள். லேப் சேவையை நாம் வாங்கி அவருக்கு நம் சேவையோடு சேர்த்துக் கொடுத்ததாக வைத்துக்கொண்டு, 540 வரிக் கடனை நாம் எடுத்து, பில்லில் 3,000 ரூபாயை நம் சேவை வரிசையில் போட்டு அதற்கு 18 சதவீதம் சேர்த்தால், அவர் கட்டுவது அதே 3,540, வரிக் கடனும் நம் பில்லின் வழியாக அவருக்குப் போய்விடும். பலர் செய்யும் தப்பு என்னவென்றால், 540 கடனையும் எடுத்துக்கொண்டு, 3,540ஐச் செலவாகவும் காட்டி, அதன் மேல் மறுபடியும் 18 சதவீதம் போடுவது. வரிக்கு மேல் வரி. கூர்மையான ஆடிட்டர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

யுபிஐ ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. பணம் போனது என்பதற்கு அது சாட்சி, எதற்குப் போனது என்பதற்குச் சாட்சி இல்லை. பில்லோடு சேர்த்து வைத்தால் நல்லது, பில்லுக்குப் பதிலாக வைக்க முடியாது. கார் ஓட்டிவந்தவர் அச்சடித்த பில் தர மாட்டார், அதற்கு ஒரு வவுச்சர்: தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, தொகை, அவர் கையெழுத்து. கையால் எழுதி வாங்கும் ரசீது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து.

அப்புறம் அந்த வழுவழு பேப்பர் பில். எண்ணெய்க் கை பட்டாலும், வெயிலில் வண்டி பெட்டியில் கிடந்தாலும் எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு, மூலத்தை அந்த ஜெராக்ஸின் பின்னால் குத்தி வையுங்கள். எழுத்தின் மேல் செல்லோடேப் ஒட்டாதீர்கள், ஒட்டிய இடம்தான் முதலில் மங்கும்.

ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு, எவ்வளவு

நம் பணம் பத்து இருபது நாள் பார்ட்டி வேலையில் முடங்குகிறது, கவுண்டரில் நிற்கிறோம், ரசீது சேர்க்கிறோம், தப்பாக வந்த பில்லைத் திருத்தி வாங்குகிறோம். அதற்கான கூலிதான் இது, ஒளித்து வாங்க வேண்டிய பணம் இல்லை. ஆனால் சிலர் வெளிப்படையாகக் கேட்கக் கூச்சப்பட்டு, 3,540 ரூபாய் லேப் பில்லை 4,000 என்று எழுதி "ரவுண்டா போட்டேன்" என்பார்கள். ரசீது ஒன்று சொல்ல, நம் பில் இன்னொன்று சொல்லும். அதோடு, கட்டியதற்கு மேல் வாங்கிவிட்டதால் ப்யூர் ஏஜென்ட் என்ற சலுகையும் அந்தத் தொகைக்குப் போய்விடும். 460 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 4,000 ரூபாய்க்கும் வரி கட்டும் நிலை. ஹேண்ட்லிங் சார்ஜைத் தனி வரியாக, நம் சேவையாக, ஜிஎஸ்டியோடு காட்டினால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

குறைந்தது 300 என்று வைத்ததற்குக் காரணம் சின்ன வேலைகள். 2,000 ரூபாய் கட்டினால் ஐந்து சதவீதம் 100 ரூபாய், அது பெட்ரோலுக்கே காணாது. எதிர்ப்பக்கமும் உண்டு: பார்ட்டி இரண்டு லட்ச ரூபாய் பாக்கிங் மெஷினுக்கு நம்மையே பணம் கட்டச் சொன்னால் ஐந்து சதவீதம் 10,000 ஆகிறது, அவரும் தர மாட்டார், நம் கையிலும் அவ்வளவு பணம் தாங்காது. பெரிய தொகையை அவரே நேராகக் கட்டச் சொல்லிவிடுங்கள், அதற்கு ஹேண்ட்லிங் கேட்காதீர்கள்.

பில்லை இப்படிப் போடுங்கள்

ஒரே பில், இரண்டு பகுதி. மேலே நம் சேவையும் அதற்கான வரியும், கீழே அவர் சார்பாகக் கட்டியது. இரண்டையும் கலக்காதீர்கள்.

பகுதி அ, என் சேவை
சேவைக் கட்டணம்: 6,000.00
சேலம் கார் வாடகை (வவுச்சர் ர4): 1,800.00
ஹேண்ட்லிங் சார்ஜ், 10,400 மேல் 5%: 520.00
வரிக்கு உட்பட்ட தொகை: 8,320.00
சிஜிஎஸ்டி 9%: 748.80
எஸ்ஜிஎஸ்டி 9%: 748.80
பகுதி அ மொத்தம்: 9,817.60

பகுதி ஆ, உங்கள் சார்பாகக் கட்டியது (ப்யூர் ஏஜென்ட், ரசீதுப்படி)
டிரேட்மார்க் கட்டணம் (ர1): 4,500.00
லேப் கட்டணம், வரி உட்பட (ர2): 3,540.00
லேபிள் மாதிரி அச்சு, வரி உட்பட (ர3): 2,360.00
பகுதி ஆ மொத்தம்: 10,400.00

இரண்டும் சேர்த்து: 20,217.60
ரூபாய்க்கு முழுமையாக்கியது: 0.40
மொத்தம்: 20,218.00
செலவு முன்பணம் வரவு: 8,000.00
தர வேண்டியது: 12,218.00

முன்பணத்தைக் கடைசியில்தான் கழிக்க வேண்டும். நடுவில் பகுதி ஆ மொத்தத்திலிருந்து கழித்து 2,400 என்று காட்டினால், ஹேண்ட்லிங் 10,400க்கா 2,400க்கா என்று ஒரு கேள்வி கிளம்பும். முன்பணம் வந்ததால் ஹேண்ட்லிங் குறையுமா என்று பார்ட்டி கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஏனென்றால் முடங்கியது நம் பணம் இல்லை. குறைப்பது என்றால் முன்பே பேசி அந்த வாட்ஸ்அப் செய்தியிலேயே எழுதிவிடுங்கள், பில் போட்ட பிறகு பேரம் வேண்டாம்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் என்றால் (சேவைத் தொழிலுக்கு நம் மாநிலத்தில் ஆண்டு வரவு 20 லட்சம் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை) வரி வரிசை இரண்டையும் எடுத்துவிடுங்கள், ஜிஎஸ்டி என்ற வார்த்தையே பில்லில் வரக் கூடாது. ஆனால் அ, ஆ என்று பிரிப்பதை விடாதீர்கள். பேங்க் கணக்கில் வரும் பணம் முழுவதும் உங்கள் வருமானம் இல்லை என்று பின்னால் காட்ட அந்தப் பிரிவுதான் கைகொடுக்கும்.

ரசீதுகளை இணைப்பது

ஒவ்வொரு ரசீதின் வலது மேல் மூலையில் பேனாவால் ர1, ர2 என்று எண் போடுங்கள், பில்லில் அதே எண். வரிசை பில் வரிசைதான், தேதி வரிசை இல்லை. பார்ப்பவர் பில்லில் ஒரு வரி படித்து, ஒரு தாள் புரட்டி, தொகை அதேதான் என்று டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும், முன்னும் பின்னும் தேட வைத்தால் பணம் தாமதமாகும். ஒரு ரசீதில் பார்ட்டிக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு பொருளும் இருந்தால், அவருடையதை வட்டமிட்டு ஓரத்தில் தொகையை எழுதுங்கள். அதைவிட நல்லது, கடையிலேயே தனி பில் கேட்பது.

மூலத்தை யார் வைப்பது? பார்ட்டி பெயரில் உள்ள பில் அவருக்குத் தேவை, அவருக்கே கொடுத்துவிட்டு நகல் நாம் வைத்துக்கொள்ளலாம். கார் வவுச்சர் நம் செலவு, மூலம் நம்மிடம், நகல் அவருக்கு. மெயிலில் அனுப்பினால் பில்லும் ரசீதும் ஒரே பிடிஎஃப்பாக இருக்கட்டும். எட்டு போட்டோவாக வாட்ஸ்அப்பில் தள்ளினால் அது கணக்குப்பிள்ளை கைக்குப் போய்ச் சேருவதற்குள் இரண்டு காணாமல் போகும்.

அனுப்பிய பிறகு வரும் விஷயங்கள்

பார்ட்டி கம்பெனி என்றால் டிடிஎஸ் பிடிக்கலாம். சில கணக்குப் பிரிவுகள் பில்லின் மொத்தத்தையும் பார்த்துப் பிடித்துவிடும், நாம் கட்டிய அரசுக் கட்டணத்துக்கும் சேர்த்து. அந்தப் பணம் காணாமல் போகாது, வருமான வரிக் கணக்கில் நம் பெயரில் இருக்கும், ஆனால் கையில் வர வேண்டிய காசு குறைந்து ரிட்டர்ன் வரை மாட்டிக்கொள்ளும். ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனிகளோடு வேலை செய்பவர்கள் முதலிலேயே கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள். செலவுத் தொகைக்குத் தனியாக ஒரு ரீஇம்பர்ஸ்மென்ட் பில் வேண்டும் என்றால், அதைத் தனித் தாளில் கொடுத்து, சேவை பில்லிலும் "உங்கள் சார்பாகக் கட்டியது 10,400, தனி விவரம் இணைப்பில்" என்று ஒரு வரி போடுங்கள். ஜிஎஸ்டிக்குத் தனியாகக் காட்டியதும் ஆயிற்று, அவர்கள் கேட்டதும் ஆயிற்று.

சில நேரம் பில் போட்ட பிறகு மூன்றாம் ஆள் பணம் திருப்பித் தருவார். அச்சகத்துக்காரர் கலர் சரியில்லை என்று ஒப்புக்கொண்டு 590 ரூபாய் திருப்பி அனுப்பினால், அது வந்தது நம் யுபிஐக்கு என்றாலும் பார்ட்டி பணம். முழுதாகத் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் "ரசீதில் உள்ளதை மட்டும் வாங்கினேன்" என்ற நம் பேச்சு பொய்யாகிவிடும். அச்சகத்திடம் பார்ட்டி பெயரில் கிரெடிட் நோட் கேட்டு வாங்கிக் கொடுங்கள், ஏனென்றால் அவர் எடுத்த 360 வரிக் கடனில் அந்த 590க்குள் இருக்கும் 90 ரூபாயை அவர் குறைக்க வேண்டும். நம் ஹேண்ட்லிங் சார்ஜில் அந்த 590க்கான 29.50 ரூபாயைக் குறைப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், நான் குறைக்க மாட்டேன், திருப்பி வாங்கியதும் ஒரு அலைச்சல்தானே.

எல்லாம் முடிந்தபின் பில் நகல், ரசீது நகல்கள், அந்த முதல் வாட்ஸ்அப் ஒப்புதலின் பிரிண்ட், முன்பண ரசீது நான்கையும் ஒரே கவரில் போட்டு, கவர் மேல் பில் எண் எழுதி வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், போனை மாற்றும்போது வாட்ஸ்அப் பேச்சு போய்விடும் என்பதால் அந்த ஒரு பிரிண்டை மட்டும் வேலை தொடங்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.